நடுக்கேள்வியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: “ராணிப்பேட்டை பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன், இது இரண்டாவது வருடம். பத்தாம் வகுப்பில் 43 பேர். எட்டுப் பேர் எதைக் கொடுத்தாலும் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். பதினைந்து பேருக்குப் பாடத்தை வாசிக்கவே தடுமாற்றம். எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று வகைக் கேள்விகள் தயாரிக்கச் சொல்கிறார்கள். எந்தக் கேள்வி எதில் சேரும், எந்தப் பிள்ளைக்கு எது என்று எப்படி முடிவு செய்வது?”

பிள்ளைகளை முதலில் பிரிக்காதீர்கள். கேள்வியைப் பிரியுங்கள். அதுவும் மூன்று தனித்தனிக் கேள்விகளாக அல்ல. ஒரே கேள்விக்குக் கீழே இறங்கும் படிகளாகவும் மேலே ஏறும் படிகளாகவும். நான் வேலூர், குடியாத்தம் பக்கத்துப் பள்ளிகளில் இருபத்திரண்டு வருடமாக இதே பாடம் எடுக்கிறேன். முதல் ஏழெட்டு வருடம் நீங்கள் சொல்கிற மாதிரி மூன்று தாள்தான் போட்டேன். எளிய தாளில் “எந்த ஆண்டு, யார், எங்கே”. நடுத்தரத் தாளில் “காரணங்களை எழுது”. கடினத் தாளில் “விவாதி, மதிப்பிடு”. பி.எட். படிக்கும்போது ப்ளூம் வகைப்பாடு என்று ஒன்று சொல்லிக் கொடுத்தார்களே, அதைக் குறுக்கே மூன்றாக வெட்டி மூன்று கூட்டத்துக்குப் பகிர்ந்துவிட்டேன். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் அதன் விளைவு என்னவென்றால், எளிய தாள் வாங்கிய பிள்ளைக்கு வருடம் முழுவதும் “ஏன்” என்ற கேள்வியே வரவில்லை. ஆண்டையும் பெயரையும் மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தான். அந்த ஆண்டும் பெயரும் எதோடும் ஒட்டாததால் அடுத்த வாரம் மறந்தும் போனான்.

எந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டாலும் விஷயம் இதேதான் என்பதால், நம் ஊர்ப் பாடத்தையே வைத்துச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பில் வேலூர் புரட்சி வருகிறது. உங்கள் பிள்ளைகளில் பாதிப் பேராவது கோட்டைக்குப் போய் அகழியை எட்டிப் பார்த்திருப்பார்கள், ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போயிருப்பார்கள். ஆற்காடு உங்களுக்குப் பக்கத்து ஊர். ஆகவே இடம் பற்றிய விளக்கத்துக்கு நேரம் செலவழிக்க வேண்டாம்.

முதல் வேலை, பாடப்புத்தகத்தின் பக்கங்களை ஆறே வாக்கியமாகச் சுருக்கி அரைத் தாளில் எழுதுவது. எல்லாருக்கும் ஒரே தாள்தான். என் தாளில் இருப்பது இது. ஒன்று: 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு சுல்தான் இறந்தார், அவர் குடும்பத்தைக் கம்பெனி வேலூர்க் கோட்டைக்குள் கொண்டுவந்து வைத்தது. இரண்டு: 1805 நவம்பரில் சென்னைப் படையின் தலைமைத் தளபதி ஜான் கிரடாக் காலத்தில் புதிய விதிகள் வந்தன, நெற்றியில் சமயக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது, தோலால் ஆன சின்னம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும். மூன்று: 1806 மே மாதம் வேலூரில் சிலர் அதை அணிய மறுத்தார்கள், அவர்களுக்குக் கசையடி கிடைத்தது. நான்கு: 1806 ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தார்கள், கோட்டையில் இருந்த ஆங்கிலேயப் பட்டாளத்தில் நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள், மைசூர் சுல்தானின் கொடி ஏறியது. ஐந்து: ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப் படையோடு வந்தார், அன்றைக்கே கோட்டை மீண்டும் கம்பெனி கைக்குப் போனது. ஆறு: பிறகு உடை விதிகள் திரும்பப் பெறப்பட்டன, கிரடாக்கையும் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கையும் இங்கிலாந்துக்குத் திரும்ப அழைத்தார்கள், திப்புவின் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள்.

இரண்டாவது வேலை நடுக்கேள்வி. வகுப்பில் கடைசிப் பெஞ்சு வரை எல்லாரும் பாடவேளை முடிவதற்குள் பதில் எழுத வேண்டிய கேள்வி அது. என் நடுக்கேள்வி: “சிப்பாய்கள் எழுந்ததற்குத் தலைப்பாகை மட்டும்தான் காரணமா? ஆம் அல்லது இல்லை என்று சொல். தாளிலிருந்து இரண்டு வாக்கியங்களை ஆதாரமாகக் காட்டு.” பாருங்கள், இது எளிய கேள்வி இல்லை. காரணம் கேட்கிறது, ஆதாரம் கேட்கிறது, முடிவெடுக்கச் சொல்கிறது. ஆனால் வாசிக்க வேண்டியது ஆறு வாக்கியம்தான். சமூக அறிவியலில் ஒரு கேள்வி பிள்ளைக்குக் கடினமாவது பெரும்பாலும் யோசனையினால் அல்ல. எவ்வளவு வாசிக்க வேண்டியிருக்கிறது, எத்தனை விஷயத்தை ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது, “ஏகாதிபத்தியம்”, “இறையாண்மை” மாதிரி கையில் பிடிபடாத சொற்கள் எத்தனை என்பதைப் பொறுத்துத்தான். அவற்றைக் குறைத்துவிட்டு யோசனையை அப்படியே வைத்திருக்கலாம். எளிமையாக்குகிறேன் என்று யோசனையை எடுத்துவிட்டு வாசிப்புச் சுமையை அப்படியே விடுவதுதான் நாம் வழக்கமாகச் செய்கிற தப்பு.

இந்த நடுக்கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு எல்லாரையும் ஐந்து நிமிடம் முயலச் சொல்வேன். யாரையும் பிரிப்பதில்லை. அந்த ஐந்து நிமிடத்தில் வரிசைகளுக்கு நடுவே ஒரு சுற்று நடந்தால் போதும். யாருடைய பேனா நிற்கிறது என்று தெரிந்துவிடும். நிற்கிற பிள்ளைக்குக் கீழ்ப்படிகள், முடித்த பிள்ளைக்கு மேல்படிகள். தாளின் பின்பக்கத்தில் 1 முதல் 6 வரை எண் போட்டிருக்கும், நடுக்கேள்வியின் எண் 4. “முடியலையா, 1-க்குப் போ. முடிச்சிட்டியா, 5-க்குப் போ.” அவ்வளவுதான் நான் சொல்வது. ‘எளிது’, ‘கடினம்’ என்ற சொல் தாளில் எங்கும் கிடையாது. அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர் வைத்துப் பார்க்கலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். வேண்டாம். தொடக்கப் பள்ளியில் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் படித்த தம்பி தங்கைகளைப் பார்த்த பிள்ளைகளுக்கு அரும்பு என்றால் யார், மலர் என்றால் யார் என்று நம்மைவிட நன்றாகத் தெரியும்.

கீழ்ப்படிகள் நடுக்கேள்விக்கே இட்டுச் செல்ல வேண்டும் என்பதுதான் முக்கியம். தனியாக நிற்கிற குட்டிக் கேள்வியாக இருக்கக் கூடாது. என் முதல் படி: ஆறு வாக்கியங்களில் நான்கைச் சீட்டுகளாக வெட்டி, ஆண்டை மட்டும் நீக்கிவிட்டுக் கலைத்துக் கொடுப்பேன்; எது முன்னால் நடந்தது, எது பின்னால் என்று அடுக்க வேண்டும். தண்டனை முன்னா, எழுச்சி முன்னா என்று ஒரு பிள்ளை சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும்போது காரணம் என்ற எண்ணம் தானாக வருகிறது, ஏனென்றால் பின்னால் நடந்தது முன்னால் நடந்ததற்குக் காரணமாக முடியாது. இரண்டாவது படி: அடுக்கிய சீட்டுகளில் கம்பெனி செய்தது எது, சிப்பாய்கள் செய்தது எது என்று இரண்டு பக்கமாகப் பிரிக்க வேண்டும். மூன்றாவது படி பாதி எழுதிய வாக்கியம்: “சிப்பாய்களுக்குக் கோபம் வர ஒரு காரணம் ______. இது தாளில் ___ ஆவது வாக்கியத்தில் இருக்கிறது. ஆனால் தலைப்பாகை மட்டும்தான் காரணம் என்றால் ______ ஏன் நடந்தது?” கடைசிக் கோடிட்ட இடம்தான் உயிர். அதை நிரப்ப நான்காவது வாக்கியத்தில் உள்ள கொடியிடம் போக வேண்டும். நிரப்பிவிட்டால் நடுக்கேள்விக்கான பதில் முக்கால்வாசி வந்துவிட்டது. அதை நான்கு வரியாக நோட்டில் எழுதினால் ஐந்து மதிப்பெண் கேள்வியில் பாதிக்கு மேல் வாங்கும்.

இந்தச் சீட்டு அடுக்கும் வேலையில்தான் எனக்கு ஒரு வருடம் அடி விழுந்தது. வீட்டில் உருது பேசுகிற ஒரு பையன். அப்பா ஷூ கம்பெனியில் வேலை. தமிழ் வாசிப்பது எழுத்துக் கூட்டித்தான். முந்தைய வருடம் ஒன்பதாம் வகுப்பிலும் நான்தான் பாடம் எடுத்தேன். வருடம் பூராவும் அவனுக்கு எளிய தாள்தான் கொடுத்தேன். இந்தச் சீட்டுகளை நான் வாசித்துக் காட்ட, அவன் அடுக்கினான். அடுக்கிவிட்டுக் கொடிச் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, “மிஸ், விடியறதுக்குள்ள கொடி ஏத்தினாங்கன்னா, கொடியை முன்னாடியே எடுத்து வெச்சிருக்கணும் இல்ல?” என்று கேட்டான். நான் அந்தக் கேள்வியை அதுவரை யோசித்ததில்லை. தலைப்பாகைக் கோபம் திடீரென்று வெடித்தது என்றால் கொடி எங்கிருந்து வந்தது? முன்கூட்டியே பேசிவைத்ததா? இது கல்லூரியில் கேட்க வேண்டிய கேள்வி. அன்றைக்கு வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிற பெண் என்ன எழுதியிருந்தாள் தெரியுமா? கைடில் இருந்த “உடனடிக் காரணம், பொதுக் காரணங்கள்” என்ற ஐந்து வரியை ஒரு புள்ளி மாறாமல் எழுதியிருந்தாள். அவளை மேல்படிக்கு அனுப்பியிருந்தேன். அவனை ஒரு வருடம் கீழேயே உட்கார வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு நிரந்தரமாகப் பிரிப்பதை விட்டுவிட்டேன். ஒரு பாடத்தில் தடுமாறுகிறவன் அடுத்த பாடத்தில் தடுமாற வேண்டும் என்று இல்லை. பத்தாம் வகுப்புப் பொருளியலில் வரி பற்றிய பாடம் எடுக்கும்போது பார்த்திருக்கிறேன்; சாயங்காலம் அப்பாவின் கடையில் பில் போடுகிற பையனுக்கு ஜி.எஸ்.டி. நடுக்கேள்வி ஒன்றுமே இல்லை, வரலாற்றில் அவன் எப்போதும் ஒன்றாவது படிதான். ஐந்து நிமிடச் சுற்று போதவில்லை என்று தோன்றினால், முந்தைய பாடவேளையின் கடைசி நான்கு நிமிடத்தில் ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்துத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். மேசையில் மூன்று குவியலாகப் போட்டுப் பார்த்தால் அடுத்த நாளுக்கு எத்தனை சீட்டுக் கட்டு வெட்ட வேண்டும் என்று தெரிந்துவிடும். அந்தக் குவியல் அந்தப் பாடத்துக்கு மட்டும்தான். மறுநாள் அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கீழ்ப்படிக் கேள்வி உண்மையிலேயே யோசிக்க வைக்கிறதா என்று பார்க்க ஒரு வேடிக்கையான சோதனை வைத்திருக்கிறேன். அர்த்தமே இல்லாத இரண்டு வாக்கியத்தை எழுதுங்கள்: “கரிமான் துளசப்பனைப் பெகிழ்த்தான். அதனால் துளசப்பன் நொளிந்தான்.” இப்போது கேளுங்கள், துளசப்பன் ஏன் நொளிந்தான்? “கரிமான் பெகிழ்த்ததால்” என்று யாரும் சொல்லிவிடலாம். முழு மதிப்பெண். பெகிழ்ப்பது என்றால் என்ன என்று சொன்னவனுக்கும் தெரியாது, திருத்துகிற நமக்கும் தெரியாது. “புதிய விதிகளைக் கொண்டுவந்தவர் யார்?” என்ற கேள்வியும் இதே ரகம்தான், ‘கொண்டுவந்தார்’ என்ற சொல்லைத் தேடி அதற்கு முன்னால் இருக்கிற பெயரை எழுதினால் முடிந்தது. எளிய தாளில் முழு மதிப்பெண் வாங்குகிற பிள்ளை பரீட்சையில் கோட்டைவிடுவதற்கு முக்கியமான காரணம் இது. அடுக்கு, பிரி, எது பொருந்தாது என்று சொல் மாதிரிக் கேள்விகளில் அப்படி வரியைத் தூக்கி எழுத முடியாது.

இனி மேல்படிகள். இங்கே நாம் செய்கிற தப்பு வேறு மாதிரி. சீக்கிரம் முடித்தவனுக்கு இன்னும் ஐந்து கேள்வி கொடுப்போம், அல்லது “ஒரு பக்கத்துக்கு எழுது” என்போம். இரண்டு மாதத்தில் அவன் மெதுவாக எழுதக் கற்றுக்கொள்வான். வேகமாக முடித்தால் தண்டனை என்று அவனுக்குப் புரிந்துவிடும். மேல்படிக்கு எழுத்து கூடக் கூடாது, சிக்கல் கூட வேண்டும். என் ஐந்தாவது கேள்வி இது: “உடை விதிகள் வேலூருக்கு மட்டும் அல்ல, சென்னைப் படை முழுவதற்கும் வந்தன. வேறு ஊர்களிலும் முணுமுணுப்பு இருந்தது. ஆனால் இவ்வளவு பெரிய எழுச்சி வேலூரில்தான் நடந்தது. வேலூரில் இருந்தது என்ன? நான்கு வரிக்குள் சொல்.” தலைப்பாகை எல்லா இடத்திலும் இருந்தது என்றால், அது மட்டுமே வேலூருக்கு விளக்கம் ஆகாது. அதே சமயம் திப்புவின் குடும்பம் 1799-க்குப் பிறகு பல வருடமாக அங்கேதான் இருந்தது. அதனால் அது மட்டுமே 1806-க்கு விளக்கம் ஆகாது. இரண்டும் சேர்ந்தால்தான் இடமும் காலமும் பொருந்துகின்றன. இதைத் தானாகக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்குப் பத்து நிமிடம் பிடிக்கிறது. கைடில் இதற்குப் பதில் கிடையாது. கைடில் பதில் இருக்கிற கேள்வி மேல்படியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது கேள்வி ஆதாரத்தின் மேலேயே கை வைக்கிறது. எழுச்சிக்குப் பிறகு விசாரணை நடத்தியதும் கம்பெனிதான். “காரணம் உடை விதிதான் என்று முடிவானால் யாருக்குச் சங்கடம்? திப்புவின் மகன்கள்தான் காரணம் என்று முடிவானால் யாருக்கு வசதி? ஆறாவது வாக்கியத்தைப் பார்த்துக் கம்பெனி எதை நம்பியது என்று சொல்.” உடை விதி என்றால் பழி கிரடாக், பெண்டிங் தலையில். திப்புவின் மகன்கள் என்றால் பழி வெளியே போய்விடும். ஆனால் கம்பெனி விதியையும் திரும்பப் பெற்றது, அதிகாரிகளையும் திரும்ப அழைத்தது, குடும்பத்தையும் கல்கத்தாவுக்கு அனுப்பியது. “ரெண்டையும் செஞ்சிருக்காங்கன்னா, ரெண்டு மேலயும் அவங்களுக்குப் பயம் இருந்திருக்கு” என்று ஒரு பெண் எழுதினாள். ஒரே வரி. அவளுக்கு முழு மதிப்பெண் போட்டேன்.

வரலாற்றாசிரியர்களுக்கு நடுவே தீராத விஷயத்தை மேல்படியில் வைக்கலாம், ஆனால் எது உறுதி, எது சர்ச்சை என்பது ஆசிரியருக்குத் தெளிவாக இருக்க வேண்டும். விதிகள் வந்தது, தண்டனை கொடுத்தது, ஜூலை 10, கில்லஸ்பி வந்தது, இவையெல்லாம் உறுதி. திப்புவின் மகன்கள் எவ்வளவு தூரம் முன்னின்று நடத்தினார்கள் என்பது இன்றைக்கும் வாதத்துக்கு உரியது. சர்ச்சைக்கு உரியதைக் கீழ்ப்படியில் “சரியா, தவறா” என்று கேட்டுவிடாதீர்கள். அதே மாதிரி “வேலூர் புரட்சியை முதல் சுதந்திரப் போர் எனலாமா, உன் கருத்தைக் கூறு” என்று மேல்படியில் கேட்டுப் பார்த்திருக்கிறேன். எட்டுப் பேரும் எட்டுப் பக்கம் மேடைப் பேச்சு எழுதினார்கள். ஒருவர்கூட ஆறு வாக்கியத்தில் ஒன்றைத் தொடவில்லை. பிறகு கேள்வியை மாற்றினேன்: “ஒரு கலகத்தை சுதந்திரப் போர் என்று சொல்ல என்னென்ன இருக்க வேண்டும்? மூன்று எழுது. அதில் எத்தனை வேலூரில் இருந்தது?” அளவுகோலை அவர்களே போட்டுக்கொண்டதும் பேச்சு நின்று தேடல் தொடங்கியது. அளவுகோல் இல்லாத கருத்துக் கேள்வியை நான் இப்போது யாருக்கும் கொடுப்பதில்லை.

மதிப்பெண் விஷயத்தில் ஒரே ஒரு விதி. நடுக்கேள்விக்குத்தான் மதிப்பெண், ஐந்துக்கு. முடிவு சொன்னால் ஒன்று, ஒவ்வொரு ஆதாரத்துக்கும் ஒன்று, ‘ஏனென்றால்’ போட்டு ஆதாரத்தை முடிவோடு சேர்த்தால் இரண்டு. சீட்டு அடுக்கி வந்தாலும் நேரே வந்தாலும் அதே ஐந்து. கீழ்ப்படிகளுக்கு மதிப்பெண் கொடுத்தால் பிள்ளை அங்கேயே தங்கிவிடும். மேல்படிக்குக் கூடுதல் கொடுத்தால் முடியாதவர்கள்கூட நடுக்கேள்வியை அரைகுறையாக விட்டுவிட்டு அங்கே ஓடுவார்கள். மேல்படிப் பதிலை வகுப்பு முடியுமுன் ஒருவர் எழுந்து எல்லாருக்கும் வாசித்துக் காட்டுவார், அதுதான் அதற்குக் கூலி. கீழ்ப்படியில் இருந்து வந்தவர்களும் அதைக் கேட்பார்கள். ஒரே தாளைத்தான் எல்லாரும் வாசித்திருக்கிறார்கள் என்பதால் அவர்களுக்கும் புரியும். மூன்று வெவ்வேறு தாள் கொடுத்திருந்தால் இந்த ஐந்து நிமிடம் நடக்கவே நடக்காது.

புவியியலுக்கும் இது பொருந்தும், அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாலாறு உங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. நடுக்கேள்வி: “ஆற்றில் தண்ணீர் ஓடாத மாதங்களிலும் கரையோரக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதே, எப்படி?” கீழ்ப்படிக்குக் கேள்வியே வேண்டாம், ஒரு கண்ணாடி டம்ளரில் மணல் நிரப்பித் தண்ணீர் ஊற்றி, மேலே காய்ந்து கீழே ஈரம் நிற்பதைக் காட்டினால் போதும். மேல்படியில் குடிமையியலைச் சேர்த்துவிடலாம். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றுப் படுகையைக் கெடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவரே அதைச் சரிசெய்யும் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை அதில் இருக்கிறது. “செலவு என்றால் எதையெல்லாம் சேர்க்க வேண்டும்? கிணறு கெட்ட விவசாயிக்குக் கொடுப்பது மட்டுமா, மண்ணைத் திரும்ப நல்லதாக்குவதுமா?” என்று கேளுங்கள். ஒன்று கவனம். ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் அடுப்பு எரிவது தோல் வேலையில்தான். குற்றவாளியைத் தேடுகிற கேள்வியாகப் போட்டால் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள்.

இந்த முறையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் பதினைந்து பேரில் இரண்டு மூன்று பேருக்காவது எழுத்துக் கூட்டவே வராமல் இருக்கலாம். அவர்களுக்குப் படிக்கேள்விகள் மருந்து இல்லை. சீட்டை நீங்களோ பக்கத்துப் பிள்ளையோ வாசித்துக் காட்டினால் யோசனையில் பங்கெடுப்பார்கள், ஆனால் வாசிப்பு அதனால் வந்துவிடாது. அதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். அடுத்தது, பொதுத்தேர்வுத் தாளில் படிகள் கிடையாது. எல்லாருக்கும் ஒரே தாள், ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு மதிப்பெண் என்று. அதனால் ஜனவரிக்குப் பிறகு நான் சீட்டுக் கட்டுகளை அலமாரியில் வைத்துவிடுவேன். திரும்பத் திரும்ப எழுதிப் பார்க்கத்தான் நேரம் இருக்கும். அப்புறம் உங்கள் நேரம். ஒரு நல்ல தாள் தயாரிக்க முதல் தடவை எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்கப் போனது. எல்லாப் பாடத்துக்கும் செய்ய முயன்றால் ஆகஸ்டிலேயே கைவிட்டுவிடுவீர்கள். அலகுக்கு ஒன்று போதும், மற்ற நாளில் வழக்கம்போல் எடுங்கள்.

படிகள் ஏறி வந்த பிள்ளை அடுத்த முறை படி இல்லாமல் ஏறுமா என்பதில்தான் எனக்கு இன்னும் முழு நம்பிக்கை இல்லை. சில பிள்ளைகள் பாதி எழுதிய வாக்கியத்துக்கே பழகிவிடுகிறார்கள். அது இல்லாத தாளைக் கொடுத்தால் பேனாவை மூடி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். அதனால் இப்போது படிப்படியாக எடுக்கிறேன். முதல் அலகில் முழு வாக்கியத்தில் இரண்டு கோடு. இரண்டாவது அலகில் “ஒரு காரணம்… ஏனென்றால்… ஆனால்…” என்று மூன்று சொல் மட்டும். மூன்றாவதில் அந்த மூன்று சொல்லும் கரும்பலகையின் மூலையில் இருக்கும், தாளில் இருக்காது. நான்காவதில் அதுவும் இல்லை. போன வருடம் கீழ்ப்படியில் தொடங்கிய பன்னிரண்டு பேரில் ஏழு பேர் நான்காவது அலகில் தானாக ‘ஏனென்றால்’ போட்டு எழுதினார்கள். ஐந்து பேர் எழுதவில்லை. அந்த ஐந்து பேரில் மூன்று பேர் வாரத்துக்கு ஒரு நாளாவது பள்ளிக்கே வராதவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதல் தாளை எழுதி முடித்ததும் நகல் எடுக்கப் போகாதீர்கள். எட்டாம் வகுப்பில் சுமாராக வாசிக்கிற ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு அந்த ஆறு வாக்கியத்தையும் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். எந்தச் சொல்லில் நிற்கிறதோ அதை அடித்துவிட்டு வேறு சொல் போடுங்கள். என் முதல் தாளில் ‘படைப்பிரிவு’ என்று எழுதியிருந்தேன். அந்தப் பிள்ளை அதில் இரண்டு முறை நின்றது. ‘பட்டாளம்’ என்று மாற்றினேன், நிற்காமல் போய்விட்டது. ‘சமயக்குறி’ என்பதில் நிற்கவில்லை, ஆனால் அர்த்தம் கேட்டால் தெரியவில்லை. அதன் பக்கத்தில் ‘விபூதி, நாமம் மாதிரி’ என்று சேர்த்தேன்.